நிச்சயதார்த்த வரவேற்புரை: எதைச் சொல்வது, எப்போது சொல்வது

கல்யாணத்தன்று மேடையில் யாரும் யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை. முகூர்த்தம், மேளம், பந்தி என்று நேரம் ஓடிவிடும். இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் யார் என்று நிதானமாகத் தெரிந்துகொள்ளும் ஒரே நாள் நிச்சயதார்த்தம்தான். அன்று கூடத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மீதிப் பாதியைத் தெரியாது. அவர்களைக் கோத்துவிடும் வேலைதான் குடும்பத்துப் பெரியவருக்கு.

பெரும்பாலான வீடுகளில் நிச்சயம் பெண் வீட்டில் நடக்கிறது. ஆகவே பேசுபவரும் பெண் வீட்டுப் பெரியவராக இருப்பார். சில சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டில் வைப்பார்கள். அங்கே இந்த அத்தியாயத்தைத் திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளலாம். பெண்ணின் அப்பாவே பேசுவது நல்லதல்ல என்பது என் கருத்து. வாசலில் வருகிறவர்களை வரவேற்க வேண்டியவர் அவர், மனையில் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டியவரும் அவர். தன் பெண்ணைப் பற்றித் தானே மைக்கில் சொல்ல ஆரம்பித்தால் ஒன்று பெருமை வரும், இல்லையென்றால் கண்ணீர் வரும். பெரியப்பா, தாத்தா, தாய்மாமன் இவர்களில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் போதும். பெரியம்மாவோ அத்தையோ பேசினாலும் குறையொன்றும் இல்லை. உறவுமுறை பிசகாமல் சொல்வதில் பெண்கள்தான் கெட்டிக்காரர்கள்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடு போவோம். பெண் வீடு பாளையங்கோட்டை. மாப்பிள்ளை வீடு காங்கேயம். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மண்டபம். நல்ல நேரம் காலை 10.30 முதல் 11.30 வரை என்று குறித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12 மணிக்கு ஆரம்பிக்கிறது. 4.30 மணி ராகு காலம் நமக்குத் தொந்தரவில்லை. கல்யாணம் தை மாதம்.

மூன்று துண்டாகப் பேசுங்கள்

வரவேற்புரை கெடுவதற்கு முதல் காரணம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்ப்பது. மைக்கைப் பிடித்த பெரியவர் இரண்டு குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் சொல்லி, அன்றைய சடங்குகளை எல்லாம் விளக்கி முடிப்பதற்குள் நல்ல நேரத்தில் பாதி போய்விடும். புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பெண்ணின் அப்பா பெரியவரைப் பார்ப்பார். சடங்கை முன்கூட்டி விளக்கினாலும் பயனில்லை. தட்டு மாற்றும் நேரம் வரும்போது, அரைமணிக்கு முன்னால் சொன்னது யார் நினைவிலும் இருக்காது.

நிச்சயத்தின் நடைமுறையே பேச்சுக்கு மூன்று இடங்களைத் தருகிறது. முதலாவது, பிள்ளையாருக்குப் பூசை தொடங்குவதற்கு முந்தைய ஏழெட்டு நிமிடம். வரவேற்பும், தட்டு மாற்றப் போகிறவர்கள் யார் என்பதும் இங்கே வர வேண்டும். இரண்டாவது இடம் ஒவ்வொரு சடங்குக்கும் சற்று முன்னால். ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது இடத்தைத்தான் பலரும் வீணாக்குகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த புடவையை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போய்விடுவாள். அதைக் கட்டிக்கொண்டு, தலைவாரிப் பூ வைத்துத் திரும்பி வர இருபது நிமிடம் ஆகும், சில சமயம் அரைமணி. அதுவரை கூடத்தில் இருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்ற உறவினரை ஊர் வாரியாக அறிமுகப்படுத்தவும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரைப் பேச அழைக்கவும் அதுவே சரியான நேரம்.

நம் உதாரணத்தில் 10.15-க்கு முதல் துண்டு தொடங்க வேண்டும். 10.30-க்கு மஞ்சள் பிள்ளையாருக்குப் பூசை, அதையடுத்து லக்னப் பத்திரிகை வாசிப்பு, 10.50 வாக்கில் தட்டு மாற்றம். 11 மணிக்குப் பெண் புடவை மாற்றப் போனால் 11.20, 11.25-க்குத் திரும்பிவிடுவாள். மாலையும் மோதிரமும் நல்ல நேரத்துக்குள் முடிந்துவிடும். பந்தி 12 மணிக்கு.

காங்கேயத்திலிருந்து வருகிறவர்கள் விடியுமுன்னே வேனில் ஏறியிருப்பார்கள். அவர்கள் கைகால் கழுவி, இட்லி காபி சாப்பிட்டு உட்கார்ந்த பிறகே மைக்கைத் தொட வேண்டும். வேன் தாமதமாகி 10.30-க்குத்தான் வந்து சேர்ந்தார்கள் என்றால் முதல் துண்டை இரண்டு நிமிடமாகச் சுருக்குங்கள். தட்டு மாற்றுகிற நான்கு பேரும் இரண்டு பக்கத்துத் தாய்மாமன்களும் மட்டும் போதும். மீதியைப் புடவை மாற்றும் நேரத்துக்குத் தள்ளிவிடலாம். பேச்சு மூன்று துண்டாக இருந்தால்தான் இப்படித் தள்ள முடியும்.

ஒரு வாரத்துக்கு முன்பே எடுக்க வேண்டிய தாள்

உங்கள் வீட்டு உறவு உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கலாம். எதிர் வீட்டு உறவு அப்படியில்லை. ஒரு வாரம் முன்பே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து, தாளும் பேனாவுமாக உட்காருங்கள். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், அப்பாவின் உடன்பிறந்தார், அம்மாவின் உடன்பிறந்தார், மாப்பிள்ளையின் உடன்பிறந்தாரும் அவர்களுடைய துணைவரும் என்று மூன்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊர், என்ன உறவு, எப்படிக் கூப்பிடுவார்கள் என்று மூன்று குறிப்பு இருக்கட்டும். பதிவேட்டில் உள்ள பெயர் ஒன்றாகவும் ஊரார் கூப்பிடும் பெயர் வேறாகவும் இருப்பது வழக்கம். மைக்கில் பதிவேட்டுப் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்களே யாரென்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அதோடு ஒரு கேள்வியையும் தவறாமல் கேளுங்கள். “எங்க பேச்சுல யாரை அவசியம் சொல்லணும், எதைச் சொல்ல வேண்டாம்?” பதில் உடனே வரும். மாப்பிள்ளையின் அப்பா இப்படிச் சொல்லலாம்: “ஏனுங்க சம்பந்தி, பையனோட அப்புச்சி பேரை மட்டும் விட்றாதீங்க. அவனை வளத்ததே அவருதானுங்க.” கொங்குப் பக்கத்தில் அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அது புதிய சொல். ஆகவே பேசும்போது “மாப்பிள்ளையின் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா” என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதேபோல உங்கள் பக்கத்து “ஆச்சி”யை அவர்களுக்குப் “பெண்ணின் பாட்டி” என்று விளக்கிவிடுங்கள். அவரவர் உறவுச் சொல்லை அவரவர் ஊர் வழக்கப்படியே சொல்வது மரியாதை. அடுத்த வீட்டாருக்கும் புரியும்படி சொல்வது பேசுபவரின் பொறுப்பு.

எதைச் சொல்ல வேண்டாம் என்பதற்கும் பதில் கிடைக்கும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருக்கலாம். பிரிந்து வாழும் அக்கா இருக்கலாம். “அக்கா வந்திருக்கிறார்” என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் “அக்காவும் மச்சானும்” என்று சொல்லிவிட்டால் அதன்பின் அள்ள முடியாது. கூட்டம், குலம், சாதிப் பெயர்களை மைக்கில் சொல்வதா என்பதையும் அப்போதே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஊரும் குலதெய்வமும் சொன்னாலே சொந்தக்காரர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். இரண்டு வீடும் வேறு வேறு சமூகம் என்றால் குலதெய்வத்தையும் விட்டு, ஊரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

யார் முதலில், யார் பிறகு

வந்தவர்கள் முதலில், நம் வீட்டார் பிறகு. இதில் மாற்றமே கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் மூத்தவரில் தொடங்குங்கள். தாத்தா பாட்டி, பெற்றோர், தாய்மாமன், அத்தை, பெரியப்பா சித்தப்பா, உடன்பிறந்தார் என்பது வரிசை. முதல் துண்டில் ஒரு பக்கத்துக்கு எட்டு, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் கேட்பவர் மனதில் நிற்காது. பெயர் சொன்னதும் அவர் எழுந்து கைகூப்பும் வரை ஒரு கணம் நிறுத்துங்கள். பெயர்களைச் சரமாக அடுக்கிக்கொண்டு போனால் மூன்றாவது ஆள் எழுவதற்குள் நீங்கள் ஏழாவது ஆளுக்குப் போய்விடுவீர்கள்.

பெண்களை “இன்னாருடைய மனைவி” என்று மட்டும் சொல்லி நிறுத்தும் பழக்கம் இன்னும் பல மேடைகளில் இருக்கிறது. பெயரைச் சொல்லுங்கள். நாளைக்கு அந்த வீட்டுக்குள் போகப்போகிற பெண்ணுக்கு, அங்கிருக்கும் பெண்களின் பெயர்கள்தான் முதலில் தேவைப்படும்.

தாய்மாமனை விட்டுவிட்டால் அது பல வருடம் பேசப்படும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாச் சமூகத்துக் கல்யாணத்திலும் தாய்மாமனுக்கென்று மாலையும் சீரும் மரியாதையும் உண்டு. நிச்சயத்தில் அவர் பெயர் வராமல் போவது அந்த உரிமையைக் கேள்வி கேட்பதாக எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு மாமன்கள் இருந்தால் இரண்டு பேரையும் சொல்ல வேண்டும், மூத்தவர் முதலில். ஒருவர் பெயர் விட்டுப்போனதை எப்படி அறிவது? நீங்கள் அடுத்த பெயருக்குப் போகும்போது அந்த வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், யாராவது ஒரு பெண்மணி பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொல்வார். உடனே தாளைப் பாருங்கள். தட்டு மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் அது விடுபட்டதாகவே ஆகாது. “பெண்ணின் சின்ன மாமா இங்கேதான் இருக்கிறார், அவர் முன்னால் வர வேண்டும்” என்று அழைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளையின் அப்பா இறந்துவிட்டார், அம்மா மட்டும் இருக்கிறார் என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த அம்மாவைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டுச் சித்தப்பாவையும் சித்தியையும் முன்னிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். தட்டு யார் மாற்றுவது என்பது அந்தந்தக் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது, அதில் நாம் தலையிட முடியாது. ஆனால் அறிமுகம் நம் கையில் இருக்கிறது. முதல் பெயராக அந்த அம்மாவின் பெயரைச் சொல்லலாம். “மாப்பிள்ளையின் தாயார் (பெயர்) அம்மா. மகனைப் படிக்க வைத்து இந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர். மாப்பிள்ளையின் தந்தை (பெயர்) அவர்கள் இன்று நம்மோடு இல்லை. அவருடைய இடத்திலிருந்து தம்பி (பெயர்) தட்டு மாற்றுகிறார்.” இவ்வளவு போதும். இறந்தவரைப் பற்றி இதற்கு மேல் நீட்டினால் அழுகை வந்துவிடும், அதன்பின் கூடத்தை மீட்க முடியாது.

சம்பளம், வீடு, கார், வெளிநாட்டு விசா இவை எதுவும் பேச்சில் வர வேண்டாம். வேலையை ஒரு சொல்லில் சொன்னால் போதும். நகை எத்தனை பவுன் என்பதும் சீர் என்ன என்பதும் மைக்குக்கு உரியவையே அல்ல. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைக் கூட்டத்தில் அறிவித்து வீடியோவிலும் பதிந்து வைக்கிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வேடிக்கைதான்.

வழக்கங்களைச் சொல்லும் விதம்

பாளையங்கோட்டை வீட்டில் லக்னப் பத்திரிகை வாசித்த பிறகு தட்டு மாற்றுவார்கள். காங்கேயத்து வீட்டார் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். கொங்கு வட்டாரத்து நிச்சயங்களில் அந்த வழக்கம் உண்டு. எது முன்னால் எது பின்னால் என்பதை மேடையில் வைத்துப் பேசக்கூடாது. போனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் பத்திரிகை வாசிப்பு, தட்டு மாற்றம், உப்பு சர்க்கரை, புடவை என்று வரிசை முடிவாகியிருக்கிறது. பெண் வீட்டுச் சமையற்காரரிடம் சொல்லிக் கல்லுப்பும் சர்க்கரையும் இரண்டு கிண்ணத்தில் தயாராக வைப்பதா, மாப்பிள்ளை வீட்டாரே கொண்டு வருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் கல்லுப்புக்கு ஆள் ஓடுவதைத் தவிர்க்கலாம்.

விளக்கும்போது “எங்கள் ஊரில் இப்படி, அவர்கள் ஊரில் இப்படி” என்ற எல்லையில் நில்லுங்கள். “சாஸ்திரத்தில் இப்படித்தான் சொல்லியிருக்கிறது” என்று ஆரம்பித்தால் கூடத்தில் சாஸ்திரம் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். மஞ்சளுக்கும் வெற்றிலைக்கும் விஞ்ஞானக் காரணம் சொல்வதும் வேண்டாம். யாரும் கேட்கவில்லை. மாறாக, என்ன நடக்கிறது, யார் செய்கிறார்கள், நாம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் விருந்தினருக்குத் தெரிந்தால் போதும்.

தட்டு மாற்றத்துக்கு முன்னால் இப்படிச் சொல்லலாம்: “இரண்டு வீட்டாரும் இப்போது தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்கிறார்கள். இந்தத் தட்டு கைமாறியதும் எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியானதாகக் கணக்கு. பெரியவர்கள் எல்லோரும் அட்சதை போட்டு வாழ்த்த வேண்டும்.” உப்பு சர்க்கரைக்கு: “மாப்பிள்ளை வீட்டார் கொங்கு நாட்டு வழக்கப்படி உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் இது கிடையாது. நாங்களும் இன்றுதான் பார்க்கிறோம்.” கடைசி வாக்கியத்துக்கு இரண்டு பக்கத்திலும் சிரிப்பு வரும். அதன் பொருளைச் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். அவர் பேசும்போது சொல்லட்டும்.

மோதிரம் மாற்றுவதைப் பற்றி விளக்கம் எதுவும் தேவையில்லை. அதற்குள் போட்டோகிராபர் எல்லோரையும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

முதல் துண்டு: ஒரு மாதிரி

கீழே இருப்பது நம் உதாரணத்துக்கு எழுதியது. பேசுபவர் பெண்ணின் பெரியப்பா. நிதானமாகப் படித்தால், ஆட்கள் எழுந்து வணங்கும் நேரத்தையும் சேர்த்து ஐந்தாறு நிமிடம் ஆகும்.

“எல்லோருக்கும் வணக்கம். நான் பெண்ணுக்குப் பெரியப்பா, (பெயர்). எங்கள் வீட்டுச் சார்பில் உங்கள் எல்லோரையும் வரவேற்கிறேன். காங்கேயத்திலிருந்து விடியுமுன்னே கிளம்பி வந்திருக்கும் சம்பந்தி வீட்டாருக்கு முதல் வணக்கம். யாராவது இன்னும் காபி குடிக்காமல் இருந்தால் கையைக் காட்டுங்கள், இங்கேயே வரும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதலில் மாப்பிள்ளை வீட்டாரை அறிமுகப்படுத்துகிறேன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் (ஊர்) இவர்களுடைய பூர்வீகம். விவசாயக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, (பெயர்) ஐயா. இந்த வயதிலும் இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்கிறார். ஐயா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நாங்கள் எழுந்து வணங்குகிறோம். அடுத்து மாப்பிள்ளையின் அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, (பெயர்) ஐயா. மாப்பிள்ளை சின்ன வயதில் இவர் வீட்டில்தான் வளர்ந்தார். மாப்பிள்ளையின் பெற்றோர் (பெயர்), (பெயர்). இவர்கள் இருவரும்தான் இன்று தட்டு மாற்றப் போகிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் (பெயர்), சென்னிமலையிலிருந்து வந்திருக்கிறார். அத்தை (பெயர்), மாமா (பெயர்). மாப்பிள்ளையின் தங்கை (பெயர்), கல்லூரியில் படிக்கிறார்.

இனி எங்கள் வீடு. பெண்ணின் ஆச்சி, அதாவது பாட்டி, (பெயர்). எங்கள் வீட்டில் எந்த முடிவும் ஆச்சி தலையசைக்காமல் நடக்காது. இந்தச் சம்பந்தத்துக்கு முதலில் தலையசைத்தவரும் அவர்தான். பெண்ணின் பெற்றோர், என் தம்பி (பெயர்), அவர் மனைவி (பெயர்). பெண்ணின் தாய்மாமன்கள் இரண்டு பேர். மூத்தவர் (பெயர்), தென்காசி. இளையவர் (பெயர்), தூத்துக்குடி. அத்தை (பெயர்), என் தங்கை. என் மனைவி (பெயர்). பெண்ணின் அண்ணன் (பெயர்), அண்ணி (பெயர்).

மாப்பிள்ளையும் பெண்ணும் இங்கேதான் இருக்கிறார்கள். இருவரும் ஒரே ஊரில் வேலை பார்க்கிறார்கள். மற்றதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற சொந்தங்களைச் சற்று நேரம் கழித்து ஊர் ஊராக அறிமுகப்படுத்துகிறேன். யாரையும் விட மாட்டேன், கவலைப்பட வேண்டாம். இப்போது நல்ல நேரம் தொடங்குகிறது. மஞ்சள் பிடித்து வைத்து, அருகம்புல் சாற்றி, பிள்ளையாருக்குப் பூசை நடக்கும். அதன் பிறகு லக்னப் பத்திரிகை வாசிக்கப்படும். எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டுகிறேன்.”

இதில் “யாரையும் விட மாட்டேன்” என்ற வாக்கியம் பேச்சழகுக்காக வந்ததல்ல. பெயர் வராத சித்தப்பாவும் ஒன்றுவிட்ட அக்காவும் முகம் வாடாமல் காத்திருக்க அதுதான் காரணம். சொன்னபடி மூன்றாவது துண்டில் ஊர் வாரியாகச் சொல்லிவிடுங்கள். “பெருந்துறையிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டார், சங்கரன்கோவிலிலிருந்து வந்திருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டார்” என்று குடும்பம் குடும்பமாகச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அக்கம்பக்கத்தாரையும் நண்பர்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் மைக்கை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். கூப்பிடப் போகிறோம் என்பதை அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். திடீரென்று கூப்பிட்டால் சிலர் கூச்சப்பட்டு மறுப்பார்கள், சிலர் நிறுத்தவே மாட்டார்கள்.

லக்னப் பத்திரிகையை வாசிக்கும்போது

வாசிப்பது புரோகிதராகவோ, கொங்கு வீட்டார் முறைப்படி அருமைக்காரராகவோ இருக்கலாம். பல வீடுகளில் அதையும் பெரியவரிடமே கொடுத்துவிடுவார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தத் தாளை முதல் முறையாகக் கூட்டத்தின் முன் பிரிக்கக்கூடாது. முதல் நாள் மாலையே வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கையெழுத்து புரியாமல் நட்சத்திரத்தின் பெயரில் தடுக்கி விழுவதைவிட, சத்தமாகப் படித்துவிட்டுத் தப்பான தேதியைச் சொல்வது மோசம். வந்தவர்கள் அந்தத் தேதியைத்தான் நினைவில் வைத்துக்கொண்டு ரயில் டிக்கெட் போடுவார்கள்.

தமிழ் வருடத்தின் பெயரை முதலில் பாருங்கள். 2026 ஏப்ரலில் பராபவ வருடம் பிறக்கிறது. அந்த ஆவணியில் நிச்சயம் செய்து, அடுத்து வரும் தையில் கல்யாணம் என்றால் ஆங்கில ஆண்டு 2027 ஆகிவிடும், தமிழ் வருடம் பராபவவாகவே இருக்கும். பத்திரிகை எழுதுகிறவர் ஆண்டு மாறிவிட்டதே என்று அடுத்த பெயரான பிலவங்கவை எழுதிவிடுவதுண்டு. பிலவங்க வருடம் 2027 சித்திரையில்தான் பிறக்கும்.

கிழமையையும் பார்க்க வேண்டும். விடியற்காலை 4.30 முதல் 6 வரை முகூர்த்தம் என்றால் இங்கே குழப்பம் வரும். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, காலண்டரிலும் ரயில் டிக்கெட்டிலும் நள்ளிரவில். ஆகவே பஞ்சாங்கப்படி ஞாயிறு பின்னிரவு என்று எழுதியிருப்பது நமக்குத் திங்கள் அதிகாலை. “ஞாயிற்றுக்கிழமை” என்று மட்டும் வாசித்தால், ஞாயிறு விடியற்காலைக்கே பாதிப் பேர் வந்து இறங்குவார்கள், அல்லது ஞாயிறு மாலைதான் கல்யாணம் என்று நினைப்பார்கள். எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்துவிட்டு, தாளை மடக்கியதும் சாதாரணப் பேச்சில் ஒருமுறை சொல்லுங்கள்: “ஞாயிறு இரவே வந்து தங்கிவிடுங்கள். திங்கள் விடியற்காலை தாலி கட்டு.” ஆங்கிலத் தேதியையும் மண்டபத்தின் பெயரையும் அப்போதே இரண்டு தடவை சொல்லிவிட வேண்டும்.

மைக்கும் மேளமும்

நாதஸ்வரக்காரர்களிடம் இரண்டே விஷயம் சொல்லி வையுங்கள். பேசும்போது சுருதி பார்க்க வேண்டாம், தட்டு கைமாறும்போது கெட்டிமேளம். அதற்கான கைச்சைகையை யார் காட்டுவது என்றும் முடிவு செய்துவிடுங்கள். பேசுபவரே காட்டினால் குழப்பம் இல்லை. தாளை வெறும் தாளாகக் கையில் பிடித்தால் மின்விசிறிக் காற்றில் மடங்கும். கெட்டி அட்டையில் ஒட்டி, எழுத்து பெரிதாக இருக்கும்படி எழுதிக்கொண்டால் கண்ணாடி இல்லாமலும் சமாளிக்கலாம்.

பந்திக்கு அழைக்கும் அறிவிப்பும் பேசுபவருடையதே. சம்பந்தி வீட்டாரும் முதியவர்களும் முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி அழைத்தே நடத்திக்கொள்ள வேண்டும். பொதுவாக “எல்லோரும் சாப்பிட வாருங்கள்” என்று சொன்னால், இலைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்தான் முதலில் உட்காருவார்கள். காங்கேயத்துத் தாத்தாக்கள் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அதைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்து வையுங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போது இரண்டு பக்கத்துப் பெயர்களையும் உறவுமுறைகளையும் அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.